இளகிய களிமண்ணில் இரண்டு மாடி வீட்டுக்கு ராஃப்ட் அடித்தளம்: நிகர அழுத்தத்திலிருந்து அமிழ்வு வரை

சென்னையின் தெற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என நீளும் சதுப்பு நிலப் பகுதியில் வீடு கட்டுபவர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பேஸ்மட்டத்தை மூன்றடிக்குக் குறையாமல் உயர்த்தும்படி கேட்கிறார்கள். கேட்பது நியாயமானதுதான். ஆனால் அந்த உயரத்தைக் கிராவல் கொட்டி நிரப்பி எட்டுவதா, வேறு வழியில் எட்டுவதா என்பதைப் பொறுத்தே அடித்தளத்தின் கதி அமைகிறது. கீழே உள்ள மண் இளகிய களிமண்ணாக இருக்கும்போது, கொட்டுகிற மண் வீட்டின் ஒரு மாடியை விடவும் கூடுதலான எடையாகிவிடுவது உண்டு. பலரும் அதைச் சுமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்தக் கட்டுரை, முதன்முறையாக இத்தகைய கணக்கைப் போடும் இளம் பொறியாளருக்காக, ஒரே ஒரு எடுத்துக்காட்டு வீட்டை எடுத்துக்கொண்டு வீட்டின் அடி முழுவதும் ஒரே தளமாகப் பரவும் அதன் ராஃப்ட் அடித்தளத்தைப் படிப்படியாகச் சரிபார்க்கிறது. இதிலுள்ள மண் எண்கள் எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் மனைக்கு, அங்கே துளையிட்டு மண்ணை ஆய்ந்த உங்கள் போர் அறிக்கையே அளவுகோல்.

முதலில் மண் அறிக்கையில் என்ன வேண்டும்

சுத்தியல் அடிகளை எண்ணும் எஸ்.பி.டி. சோதனையில் இளகிய களிமண்ணுக்கு 2 அல்லது 3 என்று வரும். அது மண் இளகியது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு அமிழும் என்பதைச் சொல்லாது. தரைமட்டத்தில் செய்யும் தட்டுச் சுமைச் சோதனை இன்னும் ஆபத்தானது. ஓரடி அகலத் தட்டின் அழுத்தம் இரண்டடி ஆழத்தைத் தாண்டி அதிகம் இறங்காது. வெயிலில் காய்ந்து இறுகிய மேலோட்டை மட்டுமே அது சோதித்துவிட்டு நல்ல செய்தி சொல்லும். பத்து மீட்டர் அகல ராஃப்ட்டின் அழுத்தமோ அந்த மேலோட்டைக் கடந்து அடியிலுள்ள களிமண் முழுவதையும் அமுக்கும்.

ஆகவே மண் பரிசோதனைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே மூன்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். களிமண் அடுக்கிலிருந்து மெல்லிய சுவர்க் குழாயில் எடுத்த, கலையாத மாதிரி. அந்த மாதிரி சுமையின் கீழ் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கன்சாலிடேஷன் சோதனை. போர்க்குழியிலேயே, இறக்கை கொண்ட தண்டைத் திருகி வலிமையை அளக்கும் வேன் ஷியர் சோதனை. போர், இறுகிய மணலையோ கெட்டியான களிமண்ணையோ எட்டி, அதற்குள்ளும் சில மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். மனையின் இரு மூலைகளிலாவது போர் போட வேண்டும், ஏனென்றால் களிமண்ணின் தடிமன் ஒரு பக்கம் நான்கு மீட்டராகவும் மறுபக்கம் ஆறு மீட்டராகவும் இருந்தால், சுமை எவ்வளவு சீராக இருந்தாலும் வீடு சாயும்.

நம் எடுத்துக்காட்டு மனையில் மேலே 1.5 மீட்டர் காய்ந்த மேலோடு, அதன் கீழ் 1.5 முதல் 6.5 மீட்டர் வரை ஐந்து மீட்டர் இளகிய களிமண், அதற்கும் கீழே மணல் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தடி நீர் 1 மீட்டரில் இருக்கிறது. களிமண்ணின் ஷியர் வலிமை 15 கிலோபாஸ்கல். புதிதாக வருபவர் நினைவில் வைக்க எளிய அளவு: 10 கிலோபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன்.

அறிக்கையில் எல்லோரும் தாண்டிச் செல்லும் ஓர் எண் இருக்கிறது. அந்தக் களிமண் தன் வாழ்நாளில் இதுவரை தாங்கிய அதிகபட்ச அழுத்தம் அது. முன்செறிவு அழுத்தம் என்று இங்கே குறிப்போம். நம் களிமண் அடுக்கின் நடுவில், அதாவது 4 மீட்டர் ஆழத்தில், நீரழுத்தம் போக மண் துகள்கள் இப்போது தாங்கும் பயனுறு அழுத்தம் சுமார் 40 கிலோபாஸ்கல். முன்செறிவு அழுத்தம் 50 கிலோபாஸ்கல். இந்த 50-ஐ எட்டும் வரை களிமண் விறைப்பாக நடந்துகொள்ளும். தாண்டிவிட்டால் அதே அளவு கூடுதல் சுமைக்குப் பல மடங்கு அமிழும். வடிவமைப்பு முழுவதும் இந்த 10 கிலோபாஸ்கல் இடைவெளியை எப்படிச் செலவழிப்பது என்பதைச் சுற்றியே நகர்கிறது.

சுமையும் நிகர அழுத்தமும்

வீடு தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட கான்கிரீட் சட்டகக் கட்டடம். ராஃப்ட் 10 மீட்டருக்கு 12 மீட்டர். இரண்டு மேல் ஸ்லாப்புகளும் அவற்றோடு வரும் சுவர், பூச்சு, உபயோகச் சுமை எல்லாமும் சேர்ந்து ராஃப்ட் பரப்பின் மேல் 24 கிலோபாஸ்கல். தரைத்தளச் சுவர், தரை, ஆட்கள், சாமான் இவற்றுக்கு 6. ஆக 30. ராஃப்ட்டின் அடிமட்டம் இப்போதைய தரைக்கு 1 மீட்டர் கீழே; பேஸ்மட்டம் தரைக்கு 0.9 மீட்டர் மேலே. ராஃப்ட் ஸ்லாப் 250 மி.மீ., அதன் மேல் எழும் பீம்களோடு சேர்த்து 9 கிலோபாஸ்கல் தோராயமாக வரும்.

இனி ராஃப்ட்டின் மேற்பரப்புக்கும் வீட்டுத் தரைக்கும் இடையே 1.65 மீட்டர் உயரம் இருக்கிறது. வழக்கப்படி இதைக் கிராவலால் நிரப்பினால் அது மட்டுமே 29 கிலோபாஸ்கல். ராஃப்ட் ஏற்கும் மொத்த அழுத்தம் 68 ஆகிறது. ஒரு மீட்டர் தோண்டி எடுத்த மண்ணின் எடை 18. அதைக் கழித்தால் நிகர அழுத்தம் 50.

இப்போது நிரப்பாமல், ராஃப்ட் பீம்களின் மேல் குட்டைச் சுவர் எழுப்பி, அதன் மேல் 125 மி.மீ. ஸ்லாப் போட்டு, அடியை வெற்றிடமாக விட்டுவிடுவோம். கூடுதல் எடை 4 மட்டுமே. மொத்தம் 43, நிகரம் 25. அதே வீடு, அதே உயரம், அதே ஆழம். களிமண் உணரும் சுமை பாதியாகிவிட்டது. தோண்டி எடுத்த மண்ணைக் கழித்துக் கணக்கிடும் இந்த உத்தியை, தோண்டிய இடத்திலேயே மண்ணை மறுபடி கொட்டிவிட்டால் இழந்துவிடுகிறோம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிகரம் மேலும் குறையுமே என்று தோன்றும். இந்த மனையில் அது கூடாது. மேலோட்டில் மீதமிருக்கும் அரை மீட்டர்தான் வேலை செய்வதற்கும் சுமையைப் பரப்புவதற்கும் உதவுகிறது. அதைக் கிழித்துவிட்டால் குழியின் அடியில் ஆட்கள் நிற்கவே முடியாது, நீரிறைப்பும் பெரிய வேலையாகிவிடும்.

தாங்குதிறன் சோதனை

களிமண்ணில் இது குறுகிய கணக்கு. வலிமை 15-ஐக் களிமண்ணுக்கான தாங்குதிறன் கெழு 5.14 ஆல் பெருக்கி, வடிவத்துக்கும் ஆழத்துக்கும் சிறு திருத்தம் சேர்த்தால் உடைவு நிலையின் நிகர அழுத்தம் சுமார் 92 கிலோபாஸ்கல். பாதுகாப்புக் காரணி 3 எடுத்தால் 30 வரை அனுமதிக்கலாம். வெற்றிடத் தரையுள்ள ராஃப்ட் 25-உடன் தேறுகிறது. கிராவல் நிரப்பிய ராஃப்ட்டுக்குக் காரணி 1.8 மட்டுமே, ஆகவே அது இங்கேயே தோற்றுவிடுகிறது. மேலோட்டின் வலிமையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெய்யும் மழையில் ஊறும்போது அது எவ்வளவு மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாததால் அப்படி விடுவதே நல்லது.

அமிழ்வுக் கணக்கு

ராஃப்ட்டின் அடியிலிருந்து களிமண் நடுவரை 3 மீட்டர். அழுத்தம் இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் பரவுவதாகக் கொண்டால், அந்த ஆழத்தில் 13-க்கு 15 மீட்டர் பரப்பில் விரிந்திருக்கும். ஆகவே நிகர அழுத்தத்தில் 0.615 பங்கு அங்கே போய்ச் சேரும். வெற்றிடத் தரைக்கு 25-இல் 15.4. ஏற்கெனவே இருக்கும் 40-உடன் சேர்ந்து 55.4. கிராவல் நிரப்பினால் 50-இல் 30.8, சேர்ந்து 70.8.

முன்செறிவு அழுத்தத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு துண்டுகளாகக் கணக்கிட வேண்டும். s அமிழ்வு, H களிமண்ணின் தடிமன், e0 தொடக்க வெற்றிட விகிதம், Cr-உம் Cc-உம் முன்செறிவுக்கு முன்னும் பின்னுமான அமுக்கக் கெழுக்கள், σ0, σp, σ1 முறையே இப்போதைய, முன்செறிவு, இறுதி அழுத்தங்கள்:

```
s = [Cr/(1+e0)]·H·log10(σp/σ0) + [Cc/(1+e0)]·H·log10(σ1/σp)
H = 5000 mm, e0 = 1.3, Cr = 0.07, Cc = 0.45
σ0 = 40, σp = 50 kPa
```

முதல் துண்டு இரண்டு நிலைக்கும் ஒன்றே: 15 மி.மீ. இரண்டாம் துண்டில்தான் வித்தியாசம். வெற்றிடத் தரைக்கு 43 மி.மீ. சேர்ந்து மொத்தம் 58 மி.மீ.; கிராவல் நிரப்பினால் 148 சேர்ந்து 163 மி.மீ. சுமை பாதியானதற்கு அமிழ்வு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. செங்கல் சுவருக்குப் பதில் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் போட்டு நிகரத்தை 20-க்கு இறக்கினால், அமிழ்வு மேலும் குறைந்து சுமார் 34 மி.மீ. ஆகும். முன்செறிவு அழுத்தத்தை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் இவ்வளவு விலை பெறுகிறது.

இந்த 50 என்ற எண்ணை எவ்வளவு நம்புவது என்பதே அடுத்த கேள்வி. மாதிரி கலைந்திருந்தால் கன்சாலிடேஷன் வளைவில் முறிவு மழுங்கிப்போய், அந்த அழுத்தம் உள்ளதை விடக் குறைவாகத் தெரியும். வளைவைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள். முறிவே தெரியாமல் ஒரே வழுக்கலாக இறங்கினால் மாதிரி கெட்டது என்று கொள்ளலாம். முன்செறிவே இல்லை என்று வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டால் வெற்றிடத் தரைக்கும் 138 மி.மீ. வருகிறது. ஒரு நல்ல மாதிரிக்குச் செலவழிக்கும் பணம், நல்ல நிலத்தைக் கெட்டது என்று சொல்லி வீணாக பைல் போடும் செலவைத் தவிர்க்கும். சில வேளைகளில் பைல் போட்டே ஆகவேண்டும் என்றும் சொல்லும்.

இத்தோடு உடனடி அமிழ்வு ஒன்று உண்டு. நீர் வெளியேறும் முன்பே களிமண் உருமாறுவதால் வருவது. இங்கே சுமார் 15 மி.மீ., பெரும்பாலும் கட்டும்போதே முடிந்துவிடும். ஆக மொத்தம் ஏறத்தாழ 75 மி.மீ. ஐ.எஸ். 1904 இன் 1986 பதிப்பு, இளகும் களிமண்ணில் ராஃப்ட் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடத்துக்கு 100 மி.மீ. வரை அனுமதிக்கிறது, கோணச் சரிவுக்கு 500-இல் 1 என்ற வரம்பு. உங்கள் பணியில் நடப்பிலுள்ள பதிப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலத்தில்? கீழே மணலும் மேலே விரிசலுள்ள மேலோடும் இருப்பதால் நீர் இரு பக்கமும் வெளியேறும். மிக நீண்ட பாதை 2.5 மீட்டர். செறிவுக் கெழு ஆண்டுக்கு 1.5 சதுர மீட்டர் என்றால், பாதி அமிழ்வு பத்து மாதங்களிலும், 90 சதவீதம் மூன்றரை ஆண்டுகளிலும் முடியும். அதாவது வீடு குடிபுகுந்த பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும்.

சாய்வு: மிக அதிகமாகக் கவனிக்க வேண்டிய இடம்

சீராக 75 மி.மீ. அமிழும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்தால்தான் சுவர் விரியும், கதவு இடிக்கும், குளியலறைத் தண்ணீர் தவறான மூலையில் தேங்கும். சாய்வுக்கு முதல் காரணம், சுமையின் மையமும் ராஃப்ட்டின் மையமும் ஒன்றாக இல்லாமல் போவது. மாடிப்படி, மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட், பூஜை அறை மேல் எழுப்பிய பாரம் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து, எதிர்மூலையில் போர்ட்டிகோவுக்காக ராஃப்ட் வெறுமனே நீண்டிருக்கும்.

மையம் 10 மீட்டர் பக்கவாட்டில் 0.3 மீட்டர் விலகியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொத்த அழுத்தம் 43 ஒரு விளிம்பில் 18 சதவீதம் கூடி மறுவிளிம்பில் அவ்வளவு குறையும். அதாவது சுமார் 8 கிலோபாஸ்கல் ஏற்ற இறக்கம். மொத்தத்தோடு ஒப்பிட்டால் சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் களிமண் உணரும் நிகரம் 25-உடன் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. ஆழத்தில் அது தணிந்து 3 கிலோபாஸ்கலே மிஞ்சினாலும், களிமண் நடுவில் ஒரு பக்கம் 58.4, மறுபக்கம் 52.4. கணக்கின் செங்குத்தான பகுதியில் நிற்பதால் அமிழ்வு ஒரு பக்கம் 81, மறுபக்கம் 35 மி.மீ. 10 மீட்டரில் 46 மி.மீ. வித்தியாசம்; 500-இல் 1 என்ற வரம்பு தருவது 20 மி.மீ. மட்டுமே. இது தோராயக் கணக்குதான்; ஆனாலும் இதிலிருந்து கிடைக்கும் இலக்கு தெளிவானது: மைய விலகல் 0.1 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு, கனமான பக்கத்தில் ராஃப்ட்டைச் சற்று வெளியே நீட்டுங்கள், அல்லது தொட்டியை இடம் மாற்றுங்கள். இந்த வேலையைக் கட்டடக் கலைஞர் வரைபடத்தை முடிக்கும் முன்பே செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கட்டி முடித்த பிறகு முற்றத்தையும் உயர்த்திவிடலாம் என்று ஒரு பக்கம் மட்டும் மூன்றடி கிராவல் கொட்டினால், அது 16 கிலோபாஸ்கல். பரந்த நிரப்பு என்பதால் ஆழத்தில் தணியவும் செய்யாது. அதன் ஓரத்தில் நிற்கும் வீடு அந்தப் பக்கமாகச் சாயும். கட்டுவதற்கு முன் மனை முழுவதும் நிரப்பப்பட்டிருந்தால், எப்போது நிரப்பினார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு நிரப்பியதென்றால், வீடே இல்லாமல் அந்த நிரப்பு மட்டும் நம் மண்ணை 60 மி.மீ.க்கு மேல் இறக்கும். அந்த இறக்கம் முடியாத நிலையில் மேலே சொன்ன 40 என்ற தொடக்க எண்ணும் செல்லாது.

ராஃப்ட்டின் கட்டமைப்பு

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் ஐ.எஸ். 456 தெரிந்தவருக்கு இது தலைகீழான தளம்தான். நம் வீட்டில் பீம்கள் 3.3-க்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. மேல்நோக்கிய அழுத்தத்தில் ராஃப்ட் ஸ்லாப்பின் சொந்த எடையைக் கழித்தால் 37 கிலோபாஸ்கல், 1.5 ஆல் பெருக்கி இருவழித் தளமாக வடிவமைத்தால் 250 மி.மீ. ஸ்லாப்பில் 12 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் மேலும் கீழும் போதும். தவறு நிகழும் இடம் கம்பியின் பக்கம்: மண் கீழிருந்து தள்ளுவதால் கட்டத்தின் நடுவில் இழுவிசை மேல்முகத்தில் வரும், பீம்களை ஒட்டிக் கீழ்முகத்தில் வரும். மாடித் தளம் கட்டிப் பழகிய கம்பி வேலைக்காரர் நேர்மாறாகக் கட்டிவிடக்கூடும். இரு முகத்திலும் முழு வலை போடச் சொல்வதன் ஒரு பயன் அதுவும்தான்.

மென்பொருளில் மண்ணை ஸ்பிரிங்காக வைப்பவர்கள், அதன் விறைப்புக்கு எங்கிருந்தோ 10,000 அல்லது 20,000 என்று போடுகிறார்கள். நம் மண்ணுக்கு, நிகர அழுத்தம் 25-ஐ 0.075 மீட்டர் அமிழ்வால் வகுத்தால் கிடைப்பது மீட்டருக்கு 330 கிலோபாஸ்கல் அளவே. அதோடு, எல்லா இடத்திலும் ஒரே விறைப்பு வைத்தால் ராஃப்ட் சீராக இறங்குவதாகத் திரையில் தெரியும். உண்மையில் களிமண் நடுவில் கூடுதலாக அமிழ்ந்து தட்டுபோல் குழியும். விளிம்புப் பட்டையில் விறைப்பை இரட்டித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். பீம்களின் கம்பி அளவு அப்போது மாறினால் பெரியதையே எடுங்கள்.

மனையில்

தோண்டும்போது கடைசி 15 செ.மீ.-ஐ இயந்திரத்தால் எடுக்காமல் கையால் எடுத்து, அன்றே பி.சி.சி. போட்டு மூடிவிட வேண்டும். மிதிபட்ட களிமண் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். காலடி பதிந்து சேறு பிதுங்கும் இடத்தை முழுவதுமாக வழித்தெடுத்து, அந்த ஆழத்தையும் மெலிந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள், மணலால் அல்ல.

ராஃப்ட்டும் சுற்று பீம்களும் முடிந்து மாடி இன்னும் எழாத நிலையில் பெருமழை பெய்தால், அது ஒரு படகு போலாகிவிடும். 9 கிலோபாஸ்கல் எடையுள்ள ராஃப்ட்டை, தரைமட்டம் வரை நீர் நின்றால், 10 கிலோபாஸ்கல் மேல்நோக்கித் தள்ளும். அந்நேரத்தில் உள்ளே புகுந்த நீரை இறைக்கவே கூடாது. சுற்று பீம்களில் முன்கூட்டியே துளைகள் விட்டு, நீரை உள்ளே வரவிட வேண்டும். கட்டடம் முழுமையான பிறகு இந்தக் கவலை இல்லை: பேஸ்மட்டம் வரை வெள்ளம் நின்றாலும் தள்ளும் அழுத்தம் 19 மட்டுமே, உபயோகச் சுமையை நீக்கிய எடை அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

ராஃப்ட் போட்ட அன்றே நான்கு மூலைகளிலும் அளவுக் குறிகள் பதித்து, மனைக்கு வெளியே பைல் மேல் நிற்கும் பாலம் போன்ற அசையாத ஒன்றிலிருந்து மட்டம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஸ்லாப்புக்குப் பிறகும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எடுத்தால், இறங்கும் வேகம் மெல்லக் குறைகிறதா என்பது தெரியும். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்கத் தொடங்கினால், முதலில் அந்தப் பக்கத்தில் யாராவது மண் கொட்டினார்களா, பக்கத்து மனையில் ஆழக் குழி தோண்டி நீரிறைக்கிறார்களா என்று பாருங்கள். நிலத்தடி நீர் ஒரு மீட்டர் இறங்கினால் களிமண்ணின் மேல் அழுத்தம் 10 கிலோபாஸ்கல் கூடுகிறது, அது முன்செறிவு அழுத்தம் வரை தொடக்கத்தில் இருந்த இடைவெளி முழுவதற்கும் சமம்.

கழிவுநீர்க் குழாய் வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் சுவரோடு இறுகப் பூசாமல், அசையும் இணைப்பு கொடுத்து, வீடு 75 மி.மீ. இறங்கிய பிறகும் சரிவு மிஞ்சும்படி முதலிலேயே கூடுதல் சரிவு வைத்துப் பதிக்க வேண்டும். படிக்கட்டின் வெளிப்படிகளையும் ராஃப்ட்டின் மேலேயே நிறுத்துங்கள். தனி அடித்தளத்தில் நின்றால் முதல் படி வீட்டைவிட்டுப் பிரிந்து நிற்கும்.